‘யல்லா’ என்றால் என்ன?

மாணவர்களே! கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறியிருப்பீர்கள். பயணிகள் ஏறி முடிந்ததும் நடத்துநர், “ரைட், ரைட்!” என்கிறார். வண்டி நகர்கிறது. ‘ரைட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘சரி’ என்றும் ‘வலப்பக்கம்’ என்றும் அகராதி பொருள் கூறும். ‘வண்டியை எடு’ என்ற பொருள் அதில் இல்லை. ஆயினும் ஓட்டுநருக்கு ஐயம் எழுவதில்லை. ஏன்? இதற்கு விடை காண, கடல் கடந்து போன ஒரு சொல்லை ஆராய்வோம்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் பலர். அங்கே அவர்கள் முதல் நாளிலேயே கேட்கும் அரபுச் சொற்களுள் ஒன்று ‘யல்லா’. அதன் பொருளைக் கேட்டால் ஒருவர் ‘வா’ என்பார். இன்னொருவர் ‘போ’ என்பார். மூன்றாமவர் ‘சீக்கிரம்’ என்பார். மூவரும் சொல்வது சரிதான்!

ஒரு கட்டட வேலையிடத்தைக் கற்பனை செய்யுங்கள். காலையில் வண்டியருகே நின்று மேற்பார்வையாளர் “யல்லா” என்கிறார், ஆட்கள் ஏறுகிறார்கள். கான்கிரீட் கலவை வந்ததும் “யல்லா” என்கிறார்; மண்வெட்டிகள் இயங்குகின்றன. உணவு இடைவேளை முடிந்ததும் “யல்லா” என்கிறார், அமர்ந்திருந்தவர்கள் எழுகிறார்கள். மாலையில் தொலைபேசியில் பேசி முடிக்கும்போதும் “யல்லா” என்கிறார், பேச்சு நிற்கிறது. ஏறுதல், அள்ளுதல், எழுதல், முடித்தல் என நான்கும் வெவ்வேறு செயல்கள். நான்கிலும் பொதுவானது ஒன்றே: அடுத்து நடக்க வேண்டியது எதுவோ, அது இப்போது தொடங்கட்டும் என்ற உந்துதல். எது அடுத்தது என்பதைச் சொல் கூறுவதில்லை. வண்டியும் கலவையும் கடிகாரமும் கூறுகின்றன.

இலக்கணமும் இதற்குச் சான்று தருகிறது. தமிழில் ‘போ’, ‘போங்கள்’ என ஏவல் வினை மாறுகிறது அல்லவா? அரபியிலும் அப்படியே. வளைகுடா வழக்கில் ஓர் ஆணிடம் ‘போ’ என்பதற்கு ‘ரூஹ்’, பெண்ணிடம் ‘ரூஹி’, பலரிடம் ‘ரூஹூ’ என்பார்கள். ‘யல்லா’ மட்டும் யாரிடம் சொன்னாலும் மாறாது. ஆகவே அது ஏவல் வினை அன்று; நம் இடைச்சொல்லைப் போன்றது. “யல்லா, யல்லா!” என்று இரட்டித்தால் விரைவு கூடும். நீங்கள் படித்த அடுக்குத்தொடர் இதுவே.

இச்சொல் எப்படிப் பிறந்தது? ‘யா அல்லாஹ்’, அதாவது ‘இறைவனே’ என்ற விளியிலிருந்து வந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். நம் வீட்டுப் பெரியவர் “முருகா!” என்று சொல்லி எழுவதை நினைத்துப் பாருங்கள். அவர் முருகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. உடலை எழுப்பும் கணத்தில் வாய் அப்படிச் சொல்கிறது. இவ்வாறு செயலின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் விளி, நாளடைவில் தொடக்கத்துக்கே அடையாளமாகிவிடுகிறது.

மொழி என்பது எண்ணத்தைத் தெரிவிக்கும் கருவி மட்டுமன்று, அது செயலின் ஒரு பகுதி என்று மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலறிஞர் 1923-இல் எழுதினார். டிராப்ரியாண்ட் தீவுகளின் மீனவர்கள் வலை வீசும்போது பேசும் சொற்களே அவருக்குச் சான்றாயின. கடலூர்க் கரையில் வலை இழுப்போர் எழுப்பும் ‘ஐலசா’வும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இத்தகைய சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. அடுத்தது எது என்பது இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருந்தால்தான் அது பயன்படும். பளுதூக்கியின் கொக்கியில் ஒருவர் கயிறு மாட்டிக்கொண்டிருக்கிறார். “யல்லா” என்ற குரல் கேட்கிறது. அது ‘மாட்டு’ என்று அவரை விரைவுபடுத்துகிறதா, ‘தூக்கு’ என்று இயக்குபவரை உந்துகிறதா? இயக்குபவர் தவறாகக் கொண்டால் மாட்டுபவரின் விரல்கள் நசுங்கும். இதனால்தான் பளுதூக்கும் இடத்தில், ஒருவர் மட்டுமே, பொருள் வரையறுக்கப்பட்ட கைச்சைகைகளால் ஆணையிடுவது விதி. ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் இயக்குபவர் நிறுத்த வேண்டும். புதிதாகச் செல்பவர் ஒரு வேலைக்கு இரு வழிகள் தோன்றினால், “யல்லா” கேட்டதும் பாயாமல், “எதை?” என்று கேட்பதே அறிவு.

செய்து பாருங்கள்: ‘ம்’, ‘சரி’, ‘ஆகட்டும்’ ஆகியவற்றை உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் யார் சொன்னார், அதன்பின் என்ன நடந்தது என இரு பத்திகளில் எழுதுங்கள். இரண்டாம் பத்தி மாறிக்கொண்டே இருந்தால், நீங்கள் கண்டது பொருளைச் சுமக்கும் சொல் அன்று, ஆளை நகர்த்தும் சொல்.