தசைச் சேமிப்பின் வரவும் செலவும்

1832-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் செவ்ரல் என்பார் இறைச்சிச் சாற்றிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் இறைச்சியைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்டு அதற்குக் கிரியாட்டின் என்று பெயரிட்டார். எழுபது கிலோகிராம் எடையுள்ள ஓர் ஆடவனின் உடலில் இப்பொருள் ஏறத்தாழ 120 கிராம் உளது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தசைகளிலேயே தங்கியிருக்கிறது. எஞ்சிய சிறு பங்கு மூளை முதலிய உறுப்புகளில் காணப்படும்.

தசையில் கிரியாட்டின் செய்யும் வேலை யாது? ஒருவன் திடீரென ஓடத் தொடங்கும்போதும், பெருஞ்சுமையை ஒரே மூச்சில் தூக்கும்போதும் தசைக்கு உடனே ஆற்றல் வேண்டும். அவ்வாற்றலைத் தருவது ஏ.டி.பி. என்னும் பொருள். அது தன்னிடமுள்ள பாஸ்பேட்டுகளில் ஒன்றைக் கழற்றி ஆற்றலை வெளியிடுகிறது. ஆனால் தசையில் உள்ள ஏ.டி.பி.யின் அளவு மிகச் சிறிது. சில நொடிகளிலேயே தீர்ந்துவிடத்தக்கது. அந்நேரத்தில், முன்னரே ஒரு பாஸ்பேட்டைச் சுமந்து நிற்கும் கிரியாட்டின் அதனை ஈந்து ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கிறது. பாஸ்பேட்டைச் சுமக்கும் இவ்வடிவம் பாஸ்போகிரியாட்டின் எனப்படும். ஓட்டம் நின்று ஓய்வு கிடைத்ததும் சில நிமிடங்களில் கிரியாட்டின் மறுபடியும் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுக்கொள்கிறது.

இவ்விடத்தில் பலரும் ஒரு பிழையான முடிவுக்கு வருவர். உழைப்பினால் கிரியாட்டின் எரிந்து போகிறது என்றும், மிகுதியாக உழைத்தவன் அவ்வளவுக்கு மிகுதியாக ஈடுசெய்ய வேண்டும் என்றும் கருதுவர். அஃது உண்மையன்று. பாஸ்பேட்டு வருகிறது, போகிறது. கிரியாட்டின் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெல் மூட்டையை ஏற்றி இறக்கும் வண்டி நெல்லாகத் தீர்ந்து போவதில்லை அன்றோ? ஆயினும் வண்டி ஒன்று முற்றத்தில் சும்மா நின்றாலும் நாள்பட நாள்பட உளுத்துப் போகும். கிரியாட்டினுக்கும் அத்தகையதொரு தேய்வு உண்டு. அது வேறொரு வழியில் நிகழ்வது.

கிரியாட்டின் மூலக்கூறு நீண்ட வால் போன்ற அமைப்புடையது. அதன் ஒரு முனை மறு முனையைத் தொட்டு, ஒரு நீர் மூலக்கூறை வெளியே தள்ளிவிட்டு, வளையமாக மூடிக்கொள்ளக் கூடும். பாஸ்போகிரியாட்டினும் இவ்வாறே தன் பாஸ்பேட்டை உதறிவிட்டு வளையமாகும். அது மூடிக்கொள்ளும் வேகம் சற்று மிகுதி. இவ்வாறு தோன்றும் வளையத்திற்குக் கிரியாட்டினைன் என்பது பெயர். இம்மாற்றத்தைச் செய்வதற்கு எந்த நொதியும் வேண்டுவதில்லை. வெப்பமும் நீரும் இருந்தாற் போதும், தானே நிகழும். உடலின் வெப்பநிலை ஏறத்தாழ முப்பத்தேழு பாகையிலேயே நிற்பதாலும், தசையின் அமிலத்தன்மை பெரிதும் மாறாமையாலும், இம்மாற்றத்தின் வேகமும் நாளுக்கு நாள் ஒரே அளவாக இருக்கிறது. கிரியாட்டின் கலந்த நீரைப் பல நாள் வைத்திருந்தால் பாத்திரத்திலும் இதே மாற்றம் நிகழும். புளிப்பான சாற்றில் கலந்து வைத்தால் இன்னும் விரைவாக நிகழும். உலர்ந்த தூளாக வைத்தால் நெடுநாள் கெடாது.

வளையமாகிய கிரியாட்டினைன் பாஸ்பேட்டைச் சுமக்க வல்லதன்று. உடலில் மீண்டும் கிரியாட்டினாக மாறுவதுமில்லை. தசையிலிருந்து கசிந்து குருதியில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டுச் சிறுநீரோடு வெளியேறுகிறது.

இதனை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தவர்கள் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஷோன்ஹைமர், பிளாக் என்னும் இரு வேதியியலார். இயல்பான நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமான நைட்ரஜன் ஒன்று உண்டு. அக்கன நைட்ரஜனை உட்கொண்ட கிரியாட்டினை அவர்கள் ஆக்கி எலிகளுக்கு உணவோடு ஊட்டினர். அடையாளமிட்ட அக்கிரியாட்டின் தசைகளில் தங்கியது. பின்னர்ச் சிறுநீரில் வந்த கிரியாட்டினைனிலும் அதே அடையாளம் தென்பட்டது. கிரியாட்டினைனுக்கு அடையாளமிட்டு ஊட்டியபோதோ, அது வெளியேறியதேயன்றித் தசையின் கிரியாட்டினில் அவ்வடையாளம் ஏறவில்லை. செல்வதற்கு வழி உண்டு, மீள்வதற்கு இல்லை என்பது இதனால் விளங்கியது. இம்முடிவு 1939-இல் வெளிவந்தது. ஈராண்டுகட்குப் பின் அவர்களே எலியின் உடலில் நாளொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு கிரியாட்டின் இவ்வாறு கழிகிறது என்று கணக்கிட்டனர். மனிதனில் இவ்வீதம் நூற்றுக்கு 1.7 என்று கொள்ளப்படுகிறது.

இங்கே கழிவது ஒரு குறித்த எடையன்று, ஒரு குறித்த பங்கு என்பதே ஊன்றி நோக்கத்தக்கது. ஆயிரம் மாம்பழம் உள்ள குவியலில் நாள்தோறும் பதினேழு பழம் அழுகுமானால், இரண்டாயிரம் உள்ள குவியலில் முப்பத்து நான்கு அழுகும். எனினும் இவ்வுவமை ஓரளவிற்கே பொருந்தும். பழத்திற்கு வயது உண்டு. முந்திப் பறித்தது முந்தி அழுகும். மூலக்கூறுக்கு வயது இல்லை. நேற்று வந்ததும் ஓராண்டாக இருப்பதும் இன்று வளையமாகிவிடுவதற்கு ஒத்த வாய்ப்பே உடையன. ஆதலால் மொத்தச் சேமிப்பு எவ்வளவோ, அதற்கு ஏற்பவே கழிவும் அமைகிறது.

சேமிப்பின் பெரும்பகுதி தசையில் இருப்பதால், தசை மிகுந்தவனுக்குக் கழிவு மிகுதி, மெலிந்தவனுக்குக் குறைவு. ஆனால் ஒருவனுக்கே நாளுக்கு நாள் பெரிய வேறுபாடு இராது. அமெரிக்க அறிஞர் ஃபோலின் 1905-ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டறிந்தார். இறைச்சி கலவாத உணவை உண்பவனின் சிறுநீரில், அவன் புரதத்தை மிகுதியாக உண்டாலும் குறைவாக உண்டாலும், ஒரு நாளைக் கிரியாட்டினைன் ஏறத்தாழ மாறாமல் இருந்தது. ஒரு முழு நாளின் சிறுநீர் தவறாமல் சேர்க்கப்பட்டதா என்பதை இவ்வளவைக் கொண்டே மருத்துவர்கள் சோதித்தறிவர்.

இனி வரவுக்கும் செலவுக்கும் கணக்குப் பார்க்கலாம். 120 கிராம் சேமிப்பில் நூற்றுக்கு 1.7 வீதம் கழிந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம் செலவாகிறது. அந்த இரண்டு கிராமும் வந்து சேர்ந்தாலன்றிச் சேமிப்பு நிலைபெறாது. இறைச்சியும் மீனும் உண்பவனுக்கு அதில் பாதியளவு உணவிலிருந்து கிடைக்கிறது. மறுபாதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. சிறுநீரகம் இரண்டு அமினோ அமிலங்களைக் கொண்டு முதற்படியை முடிக்க, கல்லீரல் இரண்டாம் படியை முடித்துக் குருதியில் விடுகிறது. தசை அதனைக் குருதியிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது. மரக்கறி உணவினர்க்கு உணவு வழி வரவு இல்லை என்றே சொல்லலாம். உடல் ஆக்குவதைக் கொண்டே அவர்கள் நிலைபெறுகின்றனர்; அவர்களுடைய தசைச் சேமிப்பு சற்றுக் குறைந்த மட்டத்தில் நிற்கிறது. அம்மட்டத்தில் கழிவும் குறைவாதலால், குறைந்த வரவே அதற்கு ஈடாகிவிடுகிறது.

சேமிப்பை உயர்த்த விரும்பும் விளையாட்டு வீரர்கள் கிரியாட்டினைத் தூளாக உட்கொள்வதுண்டு. எவ்வளவு உட்கொண்டால் உயர்ந்த மட்டம் நிலைக்கும் என்பதை ஹல்ட்மன் முதலிய ஆராய்ச்சியாளர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு நன்கு காட்டுகிறது. அவர்கள் ஆடவர் சிலருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் வீதம் ஆறு நாள் கொடுத்துத் தொடைத் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கை எடுத்து ஆய்ந்தனர். தசையின் கிரியாட்டின் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. அதன்பின் நாளொன்றுக்கு 2 கிராம் மட்டும் உட்கொண்டவர்க்கு அவ்வுயர்வு ஒரு திங்கள் வரை குறையாது நின்றது. தொடக்கத்தில் பேரளவு ஏதும் இன்றி நாளொன்றுக்கு 3 கிராம் மட்டும் உட்கொண்டவரும் இருபத்தெட்டு நாளில் ஏறத்தாழ அதே உயர்வை அடைந்தனர்.

இரண்டு கிராம் போதுமானதாக இருந்தது ஏன்? 120 கிராம் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்து 144 கிராமாயிற்று என்க. அதில் நூற்றுக்கு 1.7 என்பது 2.45 கிராம். பழைய கழிவைவிட இது 0.4 கிராமே மிகுதி. அவ்வாறாயின் நாளொன்றுக்கு 0.4 கிராம் உட்கொண்டாலே போதாதோ என்று வினவலாம். போதாது, வெளியிலிருந்து கிரியாட்டின் வருவதை அறிந்ததும் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. அந்த ஒரு கிராம் வரவு சுருங்கிவிடவே, அதனையும் வெளியிலிருந்தே ஈடுசெய்ய வேண்டியதாகிறது. உணவில் வரும் ஒரு கிராமோடு 2 கிராம் தூள் சேர்ந்தால் 2.45 கிராம் கழிவிற்குச் சற்று மிகுதியாகவே வரவு அமையும். மரக்கறி உணவினனுக்கு அந்த உணவுப் பங்கும் இல்லை. பருத்த தசையுடையவனுக்குக் கழிவும் மிகுதி. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை என்று இக்காலத்தில் வளர்ந்தோர்க்குக் கூறப்படும் அளவு இவ்வேறுபாடுகளையெல்லாம் உள்ளடக்கியது. ஐம்பது கிலோகிராம் எடையுள்ளவனுக்கு, தசை வீதம் ஒத்திருக்குமாயின், இயல்பான சேமிப்பு 86 கிராம். கழிவு ஒன்றரை கிராம். அவன் ஐந்து கிராம் உட்கொள்வதனால் பெறும் மிகுதிப் பயன் பெரிதாக இல்லை.

ஏனெனில் தசை கொள்ளும் அளவிற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை எட்டிய தசை மேலும் ஈர்ப்பதில்லை. எஞ்சியது மாறாத கிரியாட்டினாகவே சிறுநீரில் போய்விடும். பேரளவு உட்கொள்ளும் ஆறு நாட்களிலும் முதலிரண்டு நாட்களில் தங்குவதே மிகுதி. பின்னாட்களில் பெரும்பகுதி வீணே வெளியேறுகிறது.

சேமிப்பு உயர்ந்தவனின் குருதியில் கிரியாட்டினைனும் சற்று உயர்ந்து காணப்படலாம். சிறுநீரகம் பழுதுற்றாலும் குருதியில் கிரியாட்டினைன் உயரும். ஆதலின் இரண்டும் ஒன்றாகத் தோன்றி மருத்துவரை மயக்கக்கூடும். முன்னதில் வருவது மிகுதி. பின்னதில் போவது குறைவு. தசையோடு தொடர்பற்ற சிஸ்டாட்டின்-சி என்னும் புரதத்தைக் குருதியில் அளந்தால் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியலாம். கிரியாட்டின் உட்கொள்வோன் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும். சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

தூளை உட்கொள்வதை நிறுத்தினால் என்னவாகும்? ஹல்ட்மன் குழுவினர் இதனையும் பார்த்தனர். ஆறு நாள் பேரளவுக்குப் பின் ஒன்றும் உட்கொள்ளாதவரின் தசைச் சேமிப்பு சிறிது சிறிதாக இறங்கி, முப்பது நாளில் பழைய மட்டத்திலிருந்து வேறுபடாத அளவை அடைந்தது. உடலின் உற்பத்தி நிறுத்திய அன்றே முழுமையாக மீளுமாயின், மிகுந்து நின்ற 24 கிராமில் நாள்தோறும் 1.7 பங்கே கழிந்து, முப்பது நாளிலும் 14 கிராம் எஞ்சியிருத்தல் வேண்டும். உற்பத்தி மீளவே இல்லையாயின், உணவு தரும் ஒரு கிராம் போக நாள்தோறும் ஏறத்தாழ 1.4 கிராம் குறைந்து, மூன்று வாரத்திற்குள்ளேயே 24 கிராமும் தீர்ந்துவிடும். உண்மையில் நிகழ்வது இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: சுருங்கியிருந்த உற்பத்தி தன் பழைய அளவிற்குத் திரும்பச் சில நாட்கள் பிடிக்கிறது; அதுவரை சேமிப்பு சற்று விரைந்தும், பின்னர் மெல்ல மெல்லவும் இறங்குகிறது.