வையை எதை மறைத்தாள்?

அன்புள்ள மலர்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய தாமிரபரணிக் கவிதையைப் பலமுறை படித்தேன். நீ ஆற்றை உன் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாய். மணல் அள்ளிய குழியின் மேல் அலையில்லாமல் கிடக்கும் நீர், கரை சரிந்து வேர் வெளியே தெரியும் மருதமரம், படித்துறையில் இறங்கி ஓடும் உன் தம்பி என மூன்றும் எனக்கும் தெரிந்தன. ஆனாலும் படித்து முடித்தபின் எந்த உணர்ச்சியும் மனத்தில் தங்கவில்லை.

காரணம் இதுதான். உன் கவிதையில் ஆறு தாயாக வருகிறது. காற்று வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரியாகிறது. மருதமரங்கள் காவல்காரர்களாக நிற்கின்றன. கடைசியில் ஆறு அழுகிறது. முன்பின் அறியாதவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல இவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். ஆற்றுக்கும் மரத்துக்கும் மனித உருவம் கொடுத்திருக்கிறாய்; ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது என்ன, அவர்கள் நினைப்பது என்ன என்பதைக் கொடுக்கவில்லை.

இதைக் கற்றுக்கொள்ளச் சிலப்பதிகாரத்தை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மதுரைக் காண்டத்தில் புறஞ்சேரி இறுத்த காதையை எடுத்துப் படி. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையைக் கரைக்கு வந்து சேரும் இடம் அது. இளங்கோ ஆற்றை ஒரு பெண்ணாக்குகிறார். கரையில் உதிர்ந்த முருக்கம்பூ அவளுக்கு இதழ், முல்லை பல், ஓடும் கயல் கண், கருமணல் கூந்தல். இவ்வளவும் எந்தப் புலவரும் செய்யக்கூடியதுதான். அடுத்து வருவதுதான் இளங்கோவின் வேலை. கண்ணகிக்கு நேரப்போவது அந்த வையைப் பெண்ணுக்கு முன்பே தெரியும். அதனால் பூக்களால் தன் உடல் முழுவதும் போர்த்து, கண்ணில் நிறைந்த நீரை வெளியே தெரியாமல் அடக்கிக்கொள்கிறாள். அதைப் பார்த்த கணவனும் மனைவியுமோ, இது நீர் ஓடும் ஆறு அல்ல, பூ ஓடும் ஆறு என்று வியந்து போற்றிவிட்டு மரப்புணையில் ஏறி அக்கரை சேர்கிறார்கள்.

இங்கே நடப்பதைக் கவனி. பதிகத்திலேயே கதை சொல்லப்பட்டுவிட்டதால் கோவலனின் முடிவு படிப்பவருக்குத் தெரியும். ஆற்றுக்கும் தெரியும். தெரியாதவர்கள் அந்த இருவர் மட்டும்தான். எனவே பூக்களின் அழகு கூடக் கூட நமக்குப் பயம் கூடுகிறது. ‘துயரம்’ என்று தனியே சொல்ல வேண்டிய தேவையே புலவருக்கு இல்லை. ஆறு ஒன்றை மறைக்கிறது என்ற ஒரே செயல் அந்தப் பகுதி முழுவதன் நிறத்தையும் மாற்றிவிடுகிறது.

அதற்குப் பின்னும் இளங்கோ கைவிடவில்லை. கோட்டை அகழியில் குவளையும் ஆம்பலும் தாமரையும் பூத்திருக்கின்றன. வண்டுகள் அழுகுரலாக ஒலிக்க, அந்தப் பூக்கள் கண்ணீர் நிறைந்து, தண்டு நடுங்க நிற்கின்றன. பிறகு மதில். பாண்டியனின் உயர்ந்த கொடிகள் காற்றில் அசைகின்றன. வராதே என்று கையசைத்துத் தடுப்பதைப் போல. ஆறு, பூ, கொடி மூன்றும் வேறு வேறு பொருள்கள். ஆனால் மூன்றுக்கும் தெரிந்த செய்தி ஒன்றே. முதலில் கண்ணீரை மறைத்தல், அடுத்து மறைக்க முடியாமல் அழுதல், கடைசியில் நேராகத் தடுத்தல் என்று படிப்படியாக ஏறுகிறது. ஒரு கவிதையில் பல பொருள்களுக்கு உயிர் கொடுப்பது தவறில்லை. அவை ஒரே உணர்ச்சியின் படிகளாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார். இங்கே எதுவும் பொய்யாக நடக்கவில்லை. ஆற்றில் பூ மிதப்பது உண்மை, தண்டு ஆடுவது உண்மை, கொடி அசைவது உண்மை. இயல்பாக நடப்பதற்குப் புலவர் தம் கருத்தைக் காரணமாக ஏற்றுகிறார். இதைத்தான் தற்குறிப்பேற்ற அணி என்று பள்ளியில் படித்தாய். கண்ணுக்குத் தெரியும் ஒன்றில் ஊன்றி நிற்பதால்தான் அது நம்மை நம்ப வைக்கிறது. உன் கவிதையில் ஆறு அழுவதற்கு அப்படி ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை.

இதே காப்பியத்தில் கானல் வரியையும் சேர்த்துப் படி. அங்கே காவிரி பெண். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் காவிரி ஊடல் கொள்ளமாட்டாள் என்று கோவலன் பாடுகிறான். மாதவி மறுமொழியாகப் பாடும் காவிரியும் பூவாடை போர்த்தவள், கயற்கண் உடையவள். ஆனால் அவள் தன் கணவனின் செங்கோல் வளையாததால் மகிழ்ந்து நடப்பவள். வையைக்குள்ள அதே ஆடை, அதே கண். உணர்ச்சியோ முற்றிலும் வேறு. ஆற்றைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினாலும் பாடுகிறவரின் மனம்தான் அங்கே வெளிப்படுகிறது. வருணனைப் பொருள்கள் உணர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை, அந்த ஆள் என்ன செய்கிறாள் என்பதே தீர்மானிக்கிறது.

இப்போது உன் கவிதைக்கு வருவோம். உன்னிடம் நல்ல சரக்கு இருக்கிறது. அமைதியாகக் கிடக்கும் நீருக்கு அடியில் குழி இருக்கிறது. அது ஆற்றுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள். ஆறு தாயாகவே இருக்கட்டும். ஆனால் அழ வேண்டாம். படியில் மோதும் சிற்றலை அவன் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளட்டும். காற்று வம்பு பேச வேண்டாம். ஆற்றிலிருந்து கரை நோக்கி வீசி அவன் சட்டையைப் பின்னால் இழுக்கட்டும். மருதமரம் காவல் நிற்க வேண்டாம். வெளியே நீண்ட அதன் வேரை, அவனைப் பிடிக்க நீட்டிய கையாகப் பார். தம்பி அந்தக் காற்றை அனுபவித்துச் சிரிக்கட்டும். எந்த இடத்திலும் ‘ஆபத்து’ என்று எழுதாதே. படிப்பவர் நெஞ்சு தானே பதறும்.

ஆறு அழுகிறது என்று எழுதுவதில் வேறொரு குறையும் உண்டு. குழியை வெட்டியவர் மனிதர். கண்ணீரை ஆற்றுக்குக் கொடுத்ததும் எல்லாம் இயற்கையின் சோகமாகிவிடுகிறது, வெட்டியவர் கவிதையிலிருந்து நழுவிவிடுகிறார். லாரிச் சக்கரத்தின் தடம் கரையில் இருந்தால் அதை வெறும் தடமாகவே எழுது. அதற்கு உயிர் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் உயிர் கொடுத்தால் எதற்கும் உயிர் இருக்காது.

எழுதியபின் ஒரு சோதனை செய். மனிதச் செயல் வரும் இடங்களை அடித்துவிட்டுக் கவிதையைப் படித்துப் பார். உணர்ச்சி குறையாமல் அப்படியே இருந்தால் அவை வெறும் அலங்காரம், போகட்டும். கவிதையே சரிந்துவிட்டால் அவைதான் அதன் தூண்கள்; அவற்றைத் தொடாதே.

புறஞ்சேரி இறுத்த காதையை வாய்விட்டுப் படித்த பிறகு கவிதையைத் திருத்து. திருத்தியதைத் தம்பிக்கும் படித்துக் காட்டிவிட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை