ரிலே மொழிபெயர்ப்பு: மைக்கை எப்போ அணைக்கணும்?

ஒரு சுற்றுலா மாநாடு. மேடையில் ஒருவர் இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குத் தாவுகிறார். ஆனால் தமிழ் பூத்தில் இருப்பவருக்கு இந்தி தெரியாது. அப்புறம் எப்படி நம்ம ஹெட்போனில் தமிழ் வருது? இதற்குத்தான் ரிலே. முதல் பூத் இந்தியை ஆங்கிலமாக்கி ஆங்கிலச் சேனலில் பேசும். இரண்டாவது பூத் அந்தச் சேனலைக் கேட்டுத் தமிழில் சொல்லும்.

மேடையில் ஆங்கிலம் வந்தால் ஆங்கிலச் சேனலில் முதல் பூத்துக்கு வேலை இல்லை. அவர் மைக்கை அணைப்பார். பல கன்சோல்களில் அந்த நொடியே மேடைக் குரல் தானாக ஆங்கிலச் சேனலுக்குள் வந்துவிடும். அப்போது தமிழ் பூத் பேச்சாளரையே நேரடியாகக் கேட்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கு. சிக்கல் தாமதத்தில்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பேச்சாளர் சொல்கிறார்: "ராமேஷ்வரம் கே யாத்ரியோன் கே லியே நயீ பஸ் சேவா கல் ஸே ஷுரூ கரேங்கே, பட் தி டைமிங்ஸ் ஆர் நாட் ஃபைனல்."

இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் ஆகலாம், நாளையும் ஆகலாம். கடைசியில் 'கரேங்கே' வந்த பிறகுதான் நாளை என்று உறுதியாகும். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாடியே வரணும். அதனால் முதல் பூத் இந்த வாக்கியத்துக்கு ஏறக்குறைய இறுதிவரை காத்திருக்கும். அவர் ஆங்கிலத்தில் "நாளை முதல் புதிய பஸ் சேவை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மேடையில் "டைமிங்ஸ் ஆர் நாட் ஃபைனல்" முடிந்துவிடும். அவர் வாக்கியத்தை முடித்து மைக்கை அணைக்கிறார். மேடைக் குரல் திறக்கிறது. ஆனால் அந்தப் பகுதி ஏற்கெனவே போய்விட்டது!

தமிழ் பூத் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். ஹாலில் இருக்கும் டிராவல்ஸ்காரர் "நாளையிலிருந்து பஸ்" என்று குறித்துக்கொள்வார். நேரம் இன்னும் முடிவாகலை என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தமிழ் பூத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா கேட்ட வாக்கியம் முழுமையாகத்தான் இருந்தது.

தீர்வு முதல் பூத்தின் கையில் இருக்கு. பேச்சாளர் ஆங்கிலத்துக்குத் தாவினாலும் மைக்கை உடனே அணைக்கக் கூடாது. அந்த ஆங்கில வாக்கியத்தையும் ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லணும். கேட்பவருக்கு இது வேண்டாத வேலை மாதிரி தோன்றலாம், ஆனால் ரிலேயை நம்பி இருக்கும் பூத்துக்கு அதுதான் ஒரே வழி. பேச்சாளரை எட்டிப்பிடித்து, அவர் மூச்சு விடும் இடைவெளியில் அணைக்கலாம். ஓரிரு ஆங்கில வாக்கியங்களுக்குப் பிறகு மறுபடி இந்திக்கு வருபவர் என்றால், அணைக்காமல் இருப்பதே நல்லது.

பேச்சாளர் தமிழுக்குத் தாவினால் ஓட்டம் தலைகீழாகும். இரண்டாவது பூத் தமிழை ஆங்கிலமாக்கும், முதல் பூத் அதைக் கேட்டு இந்தியில் சொல்லும். அப்போது இரண்டாவது பூத் தன் வெளியீட்டுச் சேனலை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். மறந்தால் தமிழ்ச் சேனலில் ஆங்கிலம் கேட்கும். ஹாலில் நாலு பேர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு பூத் பக்கம் திரும்பினால், காரணம் பெரும்பாலும் இதுதான்.