ஏற்றத்தில் இ-சைக்கிள் நின்றுபோனால்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது இ-சைக்கிள் திடீரென நின்றால், முதலில் டிஸ்ப்ளேயைப் பாருங்கள். அதுவும் அணைந்திருந்தால் பேட்டரிப் பக்கம்தான் சந்தேகம். சுவிட்சை அணைத்துவிட்டு கனெக்டரைக் கழற்றுங்கள். முனை கறுத்தோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் மாற்றியே ஆகவேண்டும். உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்காதீர்கள், ஏற்றத்தில் மின்னோட்டம் கூடும்போது மறுபடி சூடேறும்.

டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லையா? பிரேக் லீவர் முழுதாகத் திரும்பியிருக்கிறதா பாருங்கள். சிக்கியிருந்தால் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும். அடுத்து, மோட்டார் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, த்ராட்டிலின் சிக்னல் ஒயரில் மல்டிமீட்டர் வையுங்கள். திருகத் திருக சுமார் 1 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை சீராக ஏறவேண்டும். நடுவில் துள்ளினால் த்ராட்டில் பழுது. சீராக ஏறியும் சக்கரம் சுற்றாவிட்டால் கன்ட்ரோலரையோ மோட்டார் ஒயரையோ மெக்கானிக் பார்க்கட்டும். ஆறவிட்டதும் ஓடினால் சூடுதான் காரணம். மிச்ச ஏற்றத்தில் பெடலையும் சேர்த்து மிதியுங்கள்.