சிறு குழந்தைக்கு விளையாட்டுச் செயலி: வயதுக் குறியீட்டைப் படிக்கும் முறை

மருத்துவமனையில் சில நாட்கள் தங்க நேரும் குழந்தைக்குக் கைபேசி விளையாட்டு பெரும்பாலும் துணையாகிவிடுகிறது. எந்த விளையாட்டைக் கொடுப்பது என்னும் கேள்விக்குப் பெற்றோர் பலர் செயலியின் பக்கத்தில் உள்ள ‘3+’ என்னும் எண்ணையே விடையாகக் கொள்கின்றனர். அந்த எண் பயனுள்ளதே. ஆனால் அது ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. அது எந்தக் கேள்வி என்பதையும், மற்றவற்றுக்கு எங்கே விடை தேடுவது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள பிளே ஸ்டோரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்.

எண் எதைக் குறிக்கிறது?

இந்தியாவில் பிளே ஸ்டோரில் காணப்படும் 3+, 7+, 12+, 16+, 18+ ஆகிய எண்கள் பன்னாட்டு வயது மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் முறைப்படி வழங்கப்படுபவை. செயலியை உருவாக்கியவர் ஒரு வினாத்தாளை நிரப்புகிறார். வன்முறை உண்டா, அச்சமூட்டும் காட்சி உண்டா, தகாத சொற்கள் உண்டா, போதைப்பொருளோ சூதாட்டமோ காட்டப்படுகிறதா என்பன போன்ற வினாக்கள் அதில் இருக்கும். அவ்விடைகளைக் கொண்டே எண் கணிக்கப்படுகிறது.

ஆகவே 3+ என்பது, சிறு குழந்தையை அச்சுறுத்தும் காட்சியோ ஒலியோ இல்லை என்று பொருள்படும். 7+ என்றால், கேலிச்சித்திரப் பாணியிலான மென்மையான சண்டையோ இளங்குழந்தை மிரளக்கூடிய காட்சியோ இருக்கலாம். ‘Mild Violence’, ‘Fear’ போன்ற சொற்கள் எண்ணுடன் காட்டப்பட்டால், அந்த எண் ஏன் வந்தது என்பதை அவை விளக்குகின்றன. இருட்டைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு ‘Fear’ என்னும் சொல் எண்ணைவிட முக்கியமானது.

அந்த எண் விளையாட்டின் கடினத்தை அளப்பதில்லை. சதுரங்கச் செயலிக்கு 3+ என்று இருக்கலாம். அதனால் மூன்று வயதுக் குழந்தை சதுரங்கம் ஆடிவிடும் என்று பொருளில்லை. அந்த எண் நாட்டுக்கு நாடு மாறவும் கூடும். ‘மைன்கிராஃப்ட்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டுக்கு ஐரோப்பிய மதிப்பீட்டு முறை 7 என்றும், அமெரிக்க முறை 10 வயதுக்கு மேல் என்றும் குறித்துள்ளன. விளையாட்டு ஒன்றே, அளவுகோல்தான் வேறு.

எண்ணுக்கு அப்பால் உள்ள மூன்று குறிப்புகள்

முதலாவது, செயலியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் காணப்படும் ‘Contains ads’. இது விளம்பரம் வரும் என்பதைத் தெரிவிக்கிறது. விளம்பரம் செயலியின் எண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆயினும் நான்கு, ஐந்து வயதுக் குழந்தையால் விளையாட்டு எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது கடினம். மின்னும் படத்தைத் தொட்டவுடன் வேறொரு செயலியின் பக்கம் திறந்துவிடும்.

இரண்டாவது, ‘In-app purchases’. விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கும் பொருள்கள் உண்டு என்பது இதன் பொருள். ‘About this game’ என்னும் பகுதியைத் திறந்து இறுதிவரை சென்றால், ஒரு பொருளின் விலை எவ்வளவில் தொடங்கி எவ்வளவு வரை போகிறது என்பது ரூபாயில் தரப்பட்டிருக்கும். அந்த வரியைத் தவறாமல் படித்துவிட வேண்டும்.

மூன்றாவது, ‘Users Interact’. முன்பின் அறியாத பிறருடன் பேசவோ செய்தி அனுப்பவோ வழி உண்டு என்பதை இது உணர்த்துகிறது. வினாத்தாளை நிரப்பியவரால் தம் விளையாட்டைப் பற்றித்தான் சொல்ல இயலும். மறுமுனையில் இருப்பவர் என்ன பேசுவார் என்பதை எந்த எண்ணாலும் மதிப்பிட இயலாது. எனவே சிறு குழந்தைக்கு இக்குறிப்புள்ள விளையாட்டு வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை.

ஒரு தேர்வைச் செய்து பார்ப்போம்

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு இடக்கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். தாய் மூன்று செயலிகளைப் பார்க்கிறார். மூன்றுக்குமே 3+ என்னும் எண்தான்.

முதலாவது வண்ணம் தீட்டும் விளையாட்டு. அதில் ‘Contains ads’, ‘In-app purchases’ ஆகிய இரண்டும் உள்ளன. தாய் தாமே ஆடிப் பார்க்கிறார். ஒரு படம் முடிந்தவுடன் விளம்பரம் வருகிறது. அதை மூடும் பெருக்கல் குறி மூலையில் மிகச் சிறிதாக உள்ளது. ஒரு கையால் கைபேசியைக் கையாளும் குழந்தை அதைத் தவறவிட்டு விளம்பரத்தையே தொடும். பிறகு ஊசி உள்ள கையையும் நீட்ட முயலும். இது விலக்கப்படுகிறது.

இரண்டாவது தாய விளையாட்டு. விதிகள் எளியவை. ஆனால் ‘Users Interact’ என்னும் குறிப்பு உள்ளது. திறந்தவுடன் அறியாத ஒருவருடன் ஆட்டம் தொடங்குகிறது, பக்கத்தில் செய்திப் பெட்டியும் இருக்கிறது. இதுவும் விலக்கப்படுகிறது.

மூன்றாவது ‘ஜிகாம்ப்ரி’ என்னும் கல்வி விளையாட்டுத் தொகுப்பு. இது கட்டணமற்றது, விளம்பரம் இல்லை. இரண்டு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகளுக்கென உருவாக்கப்பட்டதால், அதில் ஐந்து வயதுக்கு எளிதானவையும் உண்டு, கடினமானவையும் உண்டு. தாய் நிறம், வடிவம் சார்ந்த இரண்டு ஆட்டங்களை மட்டும் திறந்து, ஒரே விரலால் ஆட முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்.

மூன்றையும் எண் ஒன்றாகவே காட்டியது. வேறுபாட்டைக் காட்டியவை கீழேயுள்ள குறிப்புகளும் தாய் ஆடிப் பார்த்த பத்து நிமிடங்களுமே.

கொடுப்பதற்கு முன்

மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்து பாருங்கள். இணையம் இன்றி இயங்கும் விளையாட்டில் புதிய விளம்பரங்களும் வெளியாரின் செய்திகளும் வர வழியில்லை. விமானப் பயன்முறைக்கு மாற்ற வேண்டாம். மருத்துவரோ வீட்டாரோ அழைத்தால் அழைப்பு வராமல் போகும்.

பிளே ஸ்டோரின் அமைப்புகளில் ‘Family’ என்னும் பகுதியில் ‘Parental controls’ உள்ளது. அதில் இரகசிய எண் ஒன்றை வைத்து, 3+ அல்லது 7+ என்று வரம்பு விதிக்கலாம். ஆனால் இது புதிதாக இறக்குவதைத்தான் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே கைபேசியில் உள்ள செயலிகளை அது தடுப்பதில்லை, விளம்பரங்களையும் நீக்குவதில்லை. பொருள் வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பதைத் தனியே செய்ய வேண்டும்.

நோயாளிக் குழந்தைகளின் பெற்றோர் மேலும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விரைந்து மின்னி மறையும் ஒளியை இந்த வயது எண்கள் கணக்கில் கொள்வதில்லை. வலிப்பு நோயுள்ள குழந்தைகளுள் சிலருக்கு அத்தகைய ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும். 3+ என்று குறிக்கப்பட்ட விளையாட்டிலும் வெற்றிக் காட்சியாக அத்தகைய மின்னல்கள் வரலாம். வலிப்பு வந்த குழந்தைக்கு விளையாட்டைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். விளையாடும்போது குழந்தை திடீரெனப் பார்வை நிலைகுத்தி நின்றாலோ, முகமோ கைகால்களோ துடித்தாலோ, திரையை அணைத்துவிட்டு உடனே செவிலியரை அழையுங்கள்.