கேரட் துண்டு அப்படியே வருகிறதே! – தவழ்ந்து நடக்கும் வயதில் தொடரும் இளம்போக்கு



நம் டிரஸ்ட்டின் மாதாந்திர குழந்தைகள் முகாமுக்கு வரும் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை ஒரு மாதமாகத் தினமும் நாலைந்து தடவை இளக்கமாகப் போகிறான். சாப்பிட்ட கேரட்டும் பட்டாணியும் அப்படியே வருகின்றன. சாப்பாடு உடம்பில் ஒட்டவே இல்லையா?" இந்தக் கேள்விக்கு இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

ஒன்று முதல் நாலைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இப்படி ஒரு நிலை வருவதுண்டு. மருத்துவர்கள் இதை 'டாட்லர்ஸ் டயரியா' என்பார்கள். காலையில் முதல் தடவை போவது ஓரளவு கெட்டியாக இருக்கும். பொழுது ஏற ஏற இளகிக்கொண்டே போகும். இரவில் தூக்கத்தைக் கெடுத்துப் போகாது. பிள்ளை ஓடி விளையாடும், பசிக்கும், காய்ச்சல் இருக்காது. வாரக்கணக்கில் இது நீடித்தாலும் பிள்ளை வாடாது. இந்தக் கடைசி அடையாளம்தான் முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் அந்தக் கேரட் துண்டு. கேரட், மக்காச்சோளம், பட்டாணித் தோல், தக்காளித் தோல் ஆகியவற்றின் நார்ப்பகுதியை மனிதக் குடல் எந்த வயதிலும் செரிப்பதில்லை. பெரியவர்கள் நாம் மென்று கூழாக்கி விழுங்குவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பற்கள் இப்போதுதான் முளைக்கின்றன. பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிடும். இந்த வயதில் குடலின் ஓட்டமும் வேகம். வயிற்றில் சோறு விழுந்ததுமே பெருங்குடல் அசையத் தொடங்கிவிடும். ஆகவே துண்டு துண்டாக வெளியே வருவது தோலும் நாரும்தான். அதோடு சாப்பிட்ட சோறு, பருப்பு, முட்டையின் சத்து உடம்பில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, இளக்கமாக ஏன் போகிறது? பல வீடுகளில் விடை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.

சென்ற முகாமுக்கு வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறோம். ஆண் குழந்தை, வயது ஒன்றே முக்கால். இரண்டு மாதங்களுக்கு முன் உண்மையாகவே வயிற்றுப்போக்கு வந்து நாலு நாளில் நின்றிருக்கிறது. அப்போது உம்மம்மா பாலையும் நெய்யையும் முட்டையையும் நிறுத்திவிட்டார். தண்ணீர்க் கஞ்சிதான் கொடுத்தார். உடம்பில் நீர் குறைந்துவிடக் கூடாதே என்று பெட்டியில் வரும் ஆப்பிள் ஜூஸ் 200 மில்லி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரவு படுக்கும்போது பாட்டிலில் நன்னாரி சர்பத். பேரன் மீது கொண்ட பிரியத்தில் செய்ததுதான். ஆனால் அடுத்த வாரமே மறுபடி இளகத் தொடங்கியது. இளகியதும் ஜூஸ் இன்னும் கொஞ்சம் கூடியது. எண்ணெய் இன்னும் கொஞ்சம் குறைந்தது.

ஆப்பிள், பேரிக்காய்ச் சாற்றில் பழச்சர்க்கரை (ஃப்ரக்டோஸ்) மிகுதி. சார்பிடால் என்ற பொருளும் உண்டு. இவை இரண்டையும் சின்னக் குடல் ஓரளவுதான் உறிஞ்ச முடியும். மீதி குடலிலேயே தங்கித் தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவும் உண்டாகும். அதனால்தான் மலம் நீர்த்து, வயிறு உப்பி, சத்தத்துடன் போகிறது. முழு ஆப்பிளைக் கடித்துத் தின்றால் இவ்வளவு சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே போகாது. நாரும் கூடவே போகும். சர்பத்தின் சீனியும் அளவு மீறினால் இதே வேலையைச் செய்யும். கொழுப்போ குடலின் ஓட்டத்தை நிதானப்படுத்தும் பொருள். நெய்யையும் பாலையும் நிறுத்தியதில் அந்தக் கடிவாளமும் போயிற்று.

அந்தத் தாய்க்கு நாங்கள் மருந்து எதுவும் தரவில்லை. ஜூஸையும் சர்பத்தையும் அடியோடு நிறுத்தச் சொன்னோம். தாகத்துக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர். பழம் வேண்டுமென்றால் வாழைப்பழமோ கொய்யாவோ பழமாகவே. சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய், பழையபடி பால், முட்டை, தயிர். கீரையும் பருப்பும் மசித்து. இரவுப் பாட்டிலும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னோம். அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கு ஐந்து தடவை என்பது இரண்டாகக் குறைந்திருந்தது. கேரட் துண்டு இன்னும் வருகிறது, அது வரட்டும்.

ஜூஸே கூடாதா என்று கேட்பீர்கள். ஒரு வயது ஆகும் வரை வேண்டவே வேண்டாம். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. ஒரு சின்னத் தம்ளர் அளவுதான். அதையும் பாட்டிலில் ஊற்றி நாள் முழுக்க உறிஞ்ச விடாமல், சாப்பாட்டோடு தம்ளரில் கொடுங்கள். நோன்பு மாதத்தில் இஃப்தார் விரிப்பில் பிள்ளைகள் பெரியவர்களின் சர்பத்தை மாறி மாறிக் குடிப்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

இன்னொன்று: திடீரென்று தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்கு ஜூஸ் மாற்று ஆகாது. அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். அதில் உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்திருப்பதால்தான் குடல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. போக்கை நிறுத்தும் மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆபத்து.

இனி வளர்ச்சி. இந்தப் பிள்ளையிடம் ஜூஸைத் தவிர வேறு கோளாறு இல்லை என்று எப்படித் துணிந்தோம்? மலத்தைப் பார்த்து அல்ல, அங்கன்வாடி அட்டையைப் பார்த்து. ஒரு வயதில் 9.4 கிலோ, 15 மாதத்தில் 10.1, 18 மாதத்தில் 10.7, முகாமில் 11.3. அட்டையில் அச்சிட்டிருக்கும் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, அதற்கு இணையாகவே இவன் கோடும் ஏறிக்கொண்டு வருகிறது. சத்து சேராத பிள்ளையின் கோடு இப்படி ஏறாது.

அதே நாளில் வந்த இன்னொரு பிள்ளை, 22 மாதப் பெண் குழந்தை. இவளுக்கு மூன்று தடவைதான் போகிறது. "அவனைவிட இவளுக்குப் பரவாயில்லை" என்றார் உம்மா. ஆனால் 18 மாதத்தில் 9.3 கிலோ, இப்போதும் 9.3. நாலு மாதமாகக் கோடு படுத்துக் கிடக்கிறது. மலம் எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்தோடு போகிறது. இவளுக்கு ஜூஸை நிறுத்தி இரண்டு வாரம் பார்ப்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. அன்றே அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினோம். குடலில் ஒட்டுண்ணியா, உணவு ஒவ்வாமையா, சத்தை உறிஞ்சுவதில் கோளாறா என்பதைச் சோதனை செய்துதான் அறிய வேண்டும்.

எடை ஒரே இடத்தில் நின்றாலோ குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, தூக்கத்தில் எழுந்து போனாலோ, காய்ச்சலோ தொடர் வாந்தியோ சேர்ந்தாலோ காத்திருக்காதீர்கள். வயிறு பெருத்துக் கை கால் மெலிந்தாலும் அப்படியே. எத்தனை தடவை போகிறது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எடை போடுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். மாதம் ஒரு முறை, முடிந்தவரை அதே தராசில், கனத்த உடையும் கொலுசும் கழற்றிவிட்டு நிறுத்து, அன்றே அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எண்ணை எழுதிவிட்டுப் புள்ளி வைக்காமல் விடும் அட்டைகளை நிறையப் பார்க்கிறோம். புள்ளிகளைச் சேர்த்தால்தான் கோடு. முகாமுக்கு வரும்போது அந்த அட்டையையும், முந்திய மூன்று நாள் பிள்ளை குடித்தது என்ன, எவ்வளவு என்று எழுதிய ஒரு தாளையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.