டயர் வரலைன்னா எதிர்ப்பக்கம் பாருங்க

டயர் லீவரை மாட்டி எவ்வளவு இழுத்தாலும் டயர் ரிம்மை விட்டு வரலைன்னா, உடனே கையில பலம் போதலைன்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் பிரச்சினை லீவர் இருக்கிற இடத்துல இல்ல, அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல இருக்கு.

700சி சைக்கிளோட டயர் பக்கவாட்டுல 28-622 மாதிரி ஒரு எண் இருக்கும். 28 டயரோட அகலம். 622 மி.மீ. என்பது டயரின் ஓரக்கம்பி, அதாவது பீட், ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். ரிம்மோட வெளி விளிம்பு இதைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பெரிசு. பீட் நீளாது. நீளாத வளையம் தன்னைவிடப் பெரிய விளிம்பை எப்படித் தாண்டும்? ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கே, அதுக்குத்தான். ஒரு பக்கம் பீட் அந்தப் பள்ளத்துல இறங்கினா, எதிர்ப்பக்கம் அந்த அளவுக்குத் தளர்வு கிடைக்கும்.

அதனால முதல்ல காற்றை முழுசா இறக்குங்க. பிறகு சக்கரம் முழுக்கச் சுத்தி, டயரோட ரெண்டு பக்கச் சுவரையும் கட்டை விரலால நடுவை நோக்கி அழுத்தித் தள்ளுங்க. நாள்பட்ட டயர் ரிம்மோட ஒட்டியிருக்கும், விடுபடும்போது 'டப்'புன்னு சத்தம்கூட வரலாம். எங்கயாவது ஒரு சாண் நீளம் ஒட்டியே இருந்தா அங்க சோப்புத் தண்ணி விடுங்க.

லீவரை வால்வு பக்கமா, ஆனா வால்வுலேர்ந்து ஒரு சாண் தள்ளி மாட்டுறது நல்லது. வால்வு இருக்கிற இடத்துல பீட் பள்ளத்துக்குள்ள இறங்காது. அதனால அந்த இடம் லீவருக்கு எதிர்ப்பக்கமா அமையக் கூடாது.

ட்யூப் நசுங்குறது லீவர் ஆழமா போறதாலதான். நுனி பீட்டைத் தாண்டி உள்ள போனா, ட்யூபோட ஒரு மடிப்பையும் சேர்த்துக் கவ்விக்கும். டயர் சுவரை உள்பக்கமா தள்ளிப் பிடிச்சு, நுனி பீட்டுக்கு அடியில பிடிச்சா போதும்னு நிறுத்துங்க. இழுக்கும்போது கெட்டியா இல்லாம ரப்பர் மாதிரி இழுபடுற உணர்வு வந்தா, லீவரை வெளியே எடுத்துட்டு மறுபடி மாட்டுங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம், அதோட நுனி ட்யூபை வெட்டும்.

முதல் லீவரை மடக்கி ஸ்போக்குல கொக்கி போட்டாச்சா? ரெண்டாவதை நாலஞ்சு சென்டிமீட்டர் தள்ளி மாட்டுங்க. ரொம்பத் தள்ளி மாட்டினா ஒரே நேரத்துல நிறைய பீட்டைத் தூக்க வேண்டியிருக்கும், பிளாஸ்டிக் லீவர் வளையும், சில நேரம் உடையும். வளைய ஆரம்பிச்சதுமே நிறுத்திட்டு, எதிர்ப்பக்கத்து பீட்டைப் பள்ளத்துல மறுபடி தள்ளிட்டு வாங்க. மூணாவது லீவரோட பொதுவா இறுக்கம் விட்டுடும். அதுக்கப்புறம் ஒரு லீவரை விளிம்போட அப்படியே இழுத்துக்கிட்டு போகலாம்.

ட்யூபை வெளிய எடுத்ததும் காத்தடிச்சுப் பாருங்க. ஆணியோ முள்ளோ குத்தின ஓட்டை ரோட்டைப் பார்த்த பக்கம் இருக்கும். ரிம்மைப் பார்த்த பக்கமோ பக்கவாட்டிலோ சின்னக் கீறல் புதுசா இருந்தா, லீவரைச் சந்தேகப்படுங்க. ஒட்டுப் போடும்போது ரெண்டையும் சேர்த்தே போடணும்.